பி பிளாக்குக்குப் போகும் பொது வழியில் வண்டி நிறுத்துவது பற்றி

அனைவருக்கும் வணக்கம். பி பிளாக் மூன்றாம் தளத்திலிருந்து எழுதுகிறேன். செய்தி சற்று நீளமானது. பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னிரவு 1.40 மணிக்கு என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தது. 108-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் கேட்டைத் தாண்டி, சம்ப் மூடிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் வழி இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு கார், எதிரே செடித்தொட்டிகளை ஒட்டி இன்னொரு கார். அங்கிருந்து எங்கள் படிக்கட்டு வரை ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, மாமியாரைக் கிடத்தி, தூறலில் அதே வழியே திரும்பத் தள்ளிக்கொண்டு போனோம். தரைக்கற்களின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது நலமாக இருக்கிறார். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

அந்த இரண்டு கார்களில் ஒன்றின் சொந்தக்காரர் மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு வந்து, பகல் முழுவதும் எங்களோடு இருந்தார். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. யார் வண்டி என்று இங்கே எழுதப் போவதும் இல்லை. எண் பலகையைப் படம் எடுத்துப் போடும் பழக்கம் நம் குழுவில் வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆனால் வருத்தம் இல்லை என்பதற்காக இந்த விஷயத்தை நான் விட்டுவிடவும் முடியாது.

ஞாயிறன்று டேப் எடுத்து அளந்து பார்த்தேன். வழியின் அகலம் 14 அடி. ஒரு கார் நின்றால் ஏறக்குறைய 6 அடி போய்விடுகிறது. சுவருக்கும் காருக்கும் நடுவில் விடும் இடைவெளி, பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஏழு அடி சொச்சம். தண்ணீர் லாரிக்கே எட்டடி வேண்டும். ஆகவே ‘ஓரமாகத்தானே நிறுத்தியிருக்கிறேன்’ என்பது இந்த வழியில் செல்லாது. இங்கே ஓரம் என்று ஒன்று இல்லை. சென்ற மாதம் இரண்டு முறை லாரி தெருவிலேயே நின்று, குழாயை நீட்டிப் பார்த்து, எட்டாமல் திரும்பிப் போனது நினைவிருக்கும். அன்று மாலை 32 வீடுகளும் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரில்தான் சமாளித்தன. ஆம்புலன்ஸுக்கே இந்த நிலை என்றால், தீயணைப்பு வண்டி வர வேண்டிய ஒரு நாளைப் பற்றி யோசிக்கவே எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் காவலாளி இந்தக் கார்களை எடுக்கச் சொல்லி மூன்று வீடுகளின் அழைப்பு மணியை அடித்திருக்கிறார். ஒரு வீட்டில் ‘உனக்கு யார் சம்பளம் தருவது?’ என்று கேட்டிருக்கிறார்கள். அறுபது வயது கடந்தவர், இதை என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சம்பளம் தருவது நாம் எல்லோரும். வழியைத் திறந்து வைக்கும்படி அவரிடம் சொல்லியிருப்பதும் நாம் எல்லோரும்தான். வண்டியை எடுக்கச் சொல்லி அவர் கேட்டால், அது சங்கம் கேட்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பு இருந்தால் செயலாளரிடம் பேசுங்கள், காவலாளியிடம் குரல் உயர்த்த வேண்டாம்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எனக்குத் தெரியாதவை அல்ல. சில வீடுகளில் இரண்டு கார்கள் இருக்கின்றன, நிறுத்துமிடமோ ஒன்றுதான். தூண்களுக்கு நடுவே இருக்கும் 11, 12, 13-ஆம் இடங்களில் பெரிய வண்டியைத் திருப்பி நுழைப்பது பெரும்பாடு. மழை வந்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிற்கிறது. மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ள எச்சரிக்கை வரும் நாட்களில் கார்களை மேட்டில் ஏற்றுவது நியாயமே. அப்படிப்பட்ட நாட்களுக்குக் கேட்டின் இடப்புறம் இருக்கும் மேடான பகுதியில் ஆறு கார்கள் நிற்கலாம், வழியும் மறையாது. ஆனால் வானம் தெளிவாக இருக்கும் வாரங்களிலும் அதே கார்கள் அதே வழியில் நிற்பதற்கு மழையைக் காரணம் காட்ட முடியாது.

‘காலி இடம்தானே, யாருடையதும் இல்லையே’ என்று ஒருவர் கேட்டார். அது யாருடையதும் இல்லாத இடம் அல்ல. நம் ஒவ்வொருவர் கிரயப் பத்திரத்திலும் பிரிபடாத பாகம் என்று இத்தனை சதுர அடி எழுதியிருக்கிறதே, அதற்குள் இந்த வழியும் அடக்கம். இன்ன துண்டு இன்னாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது என்பதால்தான் அந்தப் பெயர். திறந்த நிறுத்துமிடமும் தூண் தளத்து நிறுத்துமிடமும் பொதுப் பகுதிகளே, கட்டுநர் அவற்றைத் தனியே விற்க முடியாது என்று மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. விற்கவே முடியாத இடத்தை வழக்கத்தால் ஒருவர் தனதாக்கிக்கொள்வது எப்படிச் சரியாகும்? நான்கு வருடமாக அங்கேதான் நிறுத்துகிறேன் என்பது உரிமை ஆகாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் கேட்டிலிருந்து பி பிளாக் படிக்கட்டு வரை உள்ள வழியிலிருந்தும், சம்ப் மூடியைச் சுற்றியுள்ள இடத்திலிருந்தும் எல்லா வண்டிகளையும் எடுத்துவிடுங்கள். கார் மட்டும் இல்லை, சம்ப் மூடியின் மேல் ஏற்றி நிறுத்தும் இரு சக்கர வண்டிகளையும் சேர்த்தே சொல்கிறேன். பொருள் இறக்கவோ பெரியவர்களை ஏற்றவோ நிறுத்தினால், ஓட்டுநர் வண்டியை விட்டு நகராமல் இருக்கட்டும். ஐந்து நிமிடம் என்று சொல்லி மாடிக்குப் போனவர்கள் இரவு உணவு முடித்து இறங்கி வந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது கார் வைத்திருப்பவர்களுக்கு: நம் பின்தெருவில் இருக்கும் காலி மனையின் உரிமையாளரிடம் பேசினேன். இரவு மட்டும் நிறுத்த மாதம் 1,500 ரூபாய் கேட்கிறார். நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் குறைப்பார் என்று தோன்றுகிறது. விருப்பம் உள்ளவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள், நானே கூட வருகிறேன். தூண் நடுவே இடம் வந்திருப்பவர்களில் யாருக்காவது மாற்றம் தேவைப்பட்டால் என் 6-ஆம் இடத்தைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்கிறேன். என் கார் சிறியது, நுழைந்துவிடும்.

ஞாயிறுக்குப் பிறகும் வழியில் வண்டி நின்றால், நான் யாருடைய டயரிலும் காற்றைப் பிடுங்கப் போவதில்லை, வேறு யாரும் அதைச் செய்யவும் கூடாது. ஆனால் அடுத்த பொதுக்குழுவில் வண்டிக்கும் நாளுக்கும் கணக்கிட்டு அபராதம் விதிக்கும் தீர்மானத்தை எழுத்தில் கொண்டுவருவேன். ஒன்பது வீடுகள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கின்றன. அந்தத் தாளை எடுக்கவே தேவை வராமல் போனால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே எழுதுங்கள், அல்லது மாலை 7 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

கடைசியாக ஒன்று. ஞாயிறு வரை காத்திருக்க முடியாத ஒரு வேலையும் இருக்கிறது. நாளை மறுநாள், வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு மாமியாரை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம். அவரால் இன்னும் நடக்க முடியவில்லை, வண்டி படிக்கட்டு வரை வந்தாக வேண்டும். அன்று 9 மணியிலிருந்து வழியைத் திறந்து வைத்திருங்கள்.

நன்றி.
பி பிளாக், மூன்றாம் தளம்