கடைசியில் நாயா, நிலமா?

ஜே.எம். கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' நாவலை (1999) தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் எடுத்தபோது, நாயகனின் மகள் லூசியின் பண்ணை சேலம் பக்கத்தில் என்று வந்ததும் ஒரு பாட்டி "நம்ம சேலமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லை பாட்டி, கிழக்கு கேப்பில் வெள்ளைக்காரர் குடியேறிய சேலம். போன வாரம் ஸ்டீவ் ஜேக்கப்ஸின் படத்தையும் (2008) சேர்ந்து பார்த்தோம். சம்பவங்கள் ஏறக்குறைய அதேதான். ஆனால் பார்த்தது வேறு கதை.

நாவல் பேராசிரியர் டேவிட் லூரியின் தலைக்குள்ளேயே இருக்கிறது. மாணவி மெலனியிடம் நடந்ததைப் பற்றி அவர் மனம் கணக்குப் போடுகிறது: பலாத்காரம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. இந்த வக்கீல் பேச்சில் நாமும் பாதி வழுக்கிவிடுகிறோம். படத்தில் கேமரா வெளியே நிற்கிறது. ஜான் மால்கோவிச்சைப் பார்க்கும்போதே அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கிறோம், சாக்கு எடுபடவில்லை. இன்னொன்று, யார் என்ன நிறம் என்பதை நாவல் பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை. ஊகிப்பது நாம், மாட்டிக்கொள்வதும் நாம். திரையில் ஆள் வந்து நின்றதுமே அந்த விளையாட்டு முடிந்துபோகிறது.

விடுபட்டதில் எனக்கு வலித்தது ஆங்கிலக் கவிஞர் பைரனைப் பற்றி லூரி எழுத முயலும் இசைநாடகம். படத்தில் அதற்குப் பெரிய இடமில்லை. புத்தகத்திலும் பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவார்கள், நானும் முதல் வாசிப்பில் தாண்டினேன். ஆனால் பின்னங்கால் ஊனமான ஒரு நாய், அவர் பொம்மைப் பான்ஜோவை மீட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறது. நாடகத்தில் நாய்க்கும் ஒரு குரல் கொடுக்கலாமா என்று லூரி யோசிக்கிறார். கடைசிப் பக்கத்தில், விலங்கு மருத்துவமனையில் உயிரை முடிக்கும் ஊசி போடக் கொடுப்பது அந்த நாயைத்தான். ஆட்டுக்குட்டியைப் போலக் கைகளில் ஏந்திப் போகிறார். இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாம், இருந்தும் விட்டுக்கொடுக்கிறார். அத்தோடு நாவல் முடிகிறது.

நாவலில் அதற்கு முன்னால் வருவது, பண்ணையில் பூச்செடிகளுக்கு நடுவே கர்ப்பிணி லூசியை அவர் பார்க்கும் காட்சி. படம் வரிசையை மாற்றிவிட்டது. நாய் முதலில் போய்விடுகிறது, கடைசியில் லூரி மகளிடம் நடந்து வருகிறார். கேமரா பின்வாங்க, பண்ணையும், அங்கே வேலை செய்து பிறகு பக்கத்து நிலத்துக்குச் சொந்தக்காரரான கறுப்பர் பெட்ரஸின் புது வீடும் ஒரே சட்டத்தில் விரிகின்றன.

நிறவெறி ஆட்சியில் எங்கள் குடும்பத்தை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து காலிசெய்ய வைத்தார்கள். நிலத்தில் முடியும் படம் என்றால் எனக்குக் கண் கலங்கும், கலங்கியது. வீட்டுக்கு வந்து யோசித்தால் கொஞ்சம் கோபம். கூட்ஸி கொடுக்க மறுத்த ஆறுதலை இவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

விளக்கைப் போட்டதும் பாட்டி கேட்டார்: "அந்த நொண்டி நாய் என்னப்பா ஆச்சு?"

கொஞ்ச நேரம் முன்னால்தான் அதன் காட்சி போயிருந்தது.