வரி தப்பிய கும்மி

(வானொலிச் சிறுகதைக்கான எழுத்துப் பிரதி)

ஒலி: சந்தை இரைச்சல். மீன் வெட்டும் கத்தியின் சத்தம். அதனடியில் ஒரு பெண் தனக்குத்தானே பாடும் குரல்.

கதைசொல்லி: துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறையொன்றில் சாரம் கட்டும் முருகேசன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு வந்ததே, விடுதி அறையில் மற்றவர்கள் காதுபட அம்மாவிடம் பேச மனம் வராததால்தான். விடுப்பு கிடைக்கவில்லை, முளைப்பாரிக்கு வர முடியாது என்பதைப் பேருந்தில் வரும் வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருந்தான். பஃபலோ சாலையில், மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பூக்கடைக்காரம்மாவின் பாட்டு அவனை நிறுத்தியது.

அது முளைப்பாரிக் கும்மி. பரமக்குடிப் பக்கத்தில் நவதானியத்தை எருவும் வைக்கோலும் இட்டுத் தூவி, வெயில் படாத வீட்டுக்குள் வைத்து, முளைகள் வெளிறிய மஞ்சளாக எழும்பும்வரை இரவுதோறும் பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைகொட்டிப் பாடுவது. ஆண்களுக்கு அதில் இடமில்லை. சிறுவனாகத் திண்ணையில் படுத்தபடி கேட்டதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முருகேசன்: அக்கா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பூக்கடைக்காரம்மா: எங்கள் அப்பத்தா பாடுவார், தம்பி. அவர் இராமநாதபுரத்துக்காரர். நான் இங்கேயே பிறந்தவள், அந்தப் பக்கம் போனதே இல்லை.

கதைசொல்லி: அப்போது மணி பத்து, ஊரில் ஏழரை. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருப்பாள் என்று கணக்கிட்டு அழைத்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல், பேசியைப் பூக்கூடையின் மேல் நீட்டினான்.

ஒலி: கும்மிப் பாட்டு, மூன்று அடிகள்.

அம்மா (தொலைபேசியில்): யாரடா அது? கண்மாய்க்கரையை விட்டுவிட்டு நேரே கோவில் வாசலுக்கா போவது? பாரியை எங்கே கரைப்பாளாம்?

பூக்கடைக்காரம்மா (சிரித்து): எனக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான், ஆத்தா. நீங்கள் பாடுங்கள்.

கதைசொல்லி: அம்மா பாடினாள். ஒரு முழம் கேட்டு நின்றவர் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போனார். நார் விரலில் சுற்றியபடியே இருக்க, பூக்கடைக்காரம்மா ஒவ்வோர் அடியையும் உதட்டுக்குள் வாங்கிக்கொண்டார்.

முருகேசன்: அம்மா, ஒன்று சொல்ல வேண்டும்...

அம்மா: விடுப்பு கொடுக்கவில்லை, அதுதானே? இல்லாவிட்டால் காலையிலேயே கூப்பிட்டு அடுத்தவளைப் பாட வைப்பாயா?

கதைசொல்லி: அவன் பதில் சொல்லவில்லை. எதிர்முனையிலும் சற்று நேரம் சேவலின் குரல் மட்டுமே கேட்டது.

அம்மா: சரி, பேசியை அவளிடமே கொடு. அந்த மூன்றாவது அடி அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஒலி: இரண்டு பெண்களின் குரல்கள், ஒன்று சற்றுப் பிந்தி.