வாங்க முத்துலட்சுமி, இன்று உங்கள் முதல் நாள்

முத்துலட்சுமி, வணக்கம். நான் செண்பகம். நேர்காணலில் கடைசியாக உங்களிடம் பேசியவள். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு நீங்கள் கல்லிடைக்குறிச்சியில் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இந்தச் செய்தியாக இருக்க வேண்டும் என்று நேற்று ராத்திரியே எழுதி வைத்தேன். கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள், காலை 10.30 வரை வேறு வேலை எதுவும் இல்லை.

நீங்கள் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் செய்வது பலசரக்குக் கடைகளுக்கான பில் போடும் செயலி. போன வருஷம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணினார். "காலையில விக்கிற பால் பாக்கெட் கணக்கெல்லாம் முந்தின நாள்ல போய் உக்காந்துக்குது, ராத்திரி கணக்கு முடிச்சா கல்லாவும் கணக்கும் சேரவே மாட்டேங்குது" என்றார். இரண்டு நாள் தேடினோம். நம் சர்வர் நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முந்தியது. ஆக, காலை 5.30க்கு முன்னால் போட்ட பில் எல்லாம் சர்வருக்கு நேற்றைய தேதி. அன்றாடக் கணக்கு எடுக்கும் இடத்தில் அந்தத் தேதியை நம் நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருந்தோம்.

திருத்தியது ஒரே வரி. ஆனால் அது பல மாதம் எங்கள் கண்ணில் படவே இல்லை. ஏனென்றால் நாங்கள் எல்லோரும் காலை 10 மணிக்கு மேல் உட்கார்ந்து டெஸ்டிங் செய்பவர்கள். எங்களில் ஒருவருக்கும் அதிகாலையில் பில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

நேர்காணலில் நீங்கள், "அப்பா கடை 5 மணிக்கே திறந்திடும், பால்காரர் வந்ததும் முதல் பில்" என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். எனக்கு உடனே அந்த இரண்டு நாள் ஞாபகம் வந்தது. அப்புறம் நாங்கள் கொடுத்த மாதிரி பில்லில், ஒரே சாமானை இரண்டு முறை சேர்த்தால் தள்ளுபடியும் இரண்டு முறை கழிகிறது என்று கண்டுபிடித்தீர்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "கூட்டத்துல அரை கிலோ சீனி போட்டுட்டு, அப்புறம் இன்னொரு அரை கிலோ கேப்பாங்கல்ல" என்றீர்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது இதுதான். கருவிகளை யாருக்கும் ஒரு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கல்லாவுக்குப் பின்னால் நின்று வளர்ந்த பழக்கத்தை எங்களால் சொல்லிக் கொடுக்க முடியாது.

அதனால் இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். செயலியைத் திறந்து, உங்கள் அப்பா கடையை நடத்துவது போல நடத்திப் பாருங்கள். பற்று எழுதுங்கள், பாதி பணம் வாங்கி மீதியை நோட்டில் ஏற்றுங்கள், உடைந்த தேங்காயைத் திரும்ப வாங்குங்கள். எது இடறுகிறதோ அதைக் குறித்து வையுங்கள். "இது தப்பா, இல்லை எனக்குத்தான் புரியலையா" என்று குழப்பம் வந்தால் அதையும் எழுதுங்கள். உங்களுக்குப் புரியாதது கடைக்காரருக்கும் புரியப் போவதில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் நீங்களும் எங்களைப் போலப் பழகிவிடுவீர்கள், அப்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த முதல் வாரத்துக் குறிப்புகள் எனக்கு ரொம்ப முக்கியம்.

டீமைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் ஏழு பேர், உங்களோடு எட்டு. உங்களுக்குப் பக்கத்துணையாக ஜெனிபர் இருப்பாள். நாசரேத்துக்காரி, டெஸ்டிங்கில் மூன்று வருஷமாக இருக்கிறாள். இன்று 12 மணிக்கு உங்களைக் கூப்பிட்டு லேப்டாப்பை முழுதாகத் தயார் செய்து தருவாள். தென்காசியிலிருந்து வேலை பார்க்கும் பெரியசாமியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். சர்வர் பக்கம் முழுவதும் அவர் கையில். அவர் எழுதும் பதில் பெரும்பாலும் "சரி", "பார்க்கிறேன்" என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். போனில் கூப்பிட்டால் அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லித் தருபவர். எனக்கு இது தெரிவதற்கு இரண்டு மாதம் ஆனது, உங்களுக்கு ஆக வேண்டாம். மற்றவர்களை 10.30 மணிக் கூட்டத்தில் பார்ப்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் மீனா அக்காவுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. நமக்குச் சாயங்காலம் 4 மணி என்றால் அவருக்கு 6.30. அவரிடம் கேட்க வேண்டியதை மத்தியானத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

கூட்டம் 15 நிமிஷம்தான். கேமரா போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம், குக்கர் விசில், கோயில் மைக், எது கேட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வள்ளியூரில் இருக்கும் ராபின் பேசும்போது இந்த ஆனி, ஆடிக் காற்று எங்கள் எல்லோர் காதிலும் அடிக்கும்.

ஜெனிபர் கூப்பிடுவதற்கு முன்னால் முடிந்தால் ஒன்று மட்டும் செய்து வையுங்கள். உங்களுக்கென்று ஒரு ஜோடி சாவிக் கோப்பு உருவாக்க, டெர்மினலில் இதை அடியுங்கள். கோப்பின் பெயர் கேட்டால் வெறும் என்டர் தட்டி, கடவுச்சொற்றொடர் கேட்கும் இடத்தில் ஒன்று கொடுங்கள்:

```
ssh-keygen -t ed25519 -C "muthulakshmi-laptop"
cat ~/.ssh/id_ed25519.pub
```

இரண்டாவது கட்டளையில் திரையில் வரும் அந்த ஒரு வரியை ஜெனிபருக்கு அனுப்பினால் போதும். `.pub` என்று முடியும் கோப்பு மட்டும்தான் வெளியே போகலாம். அதே பெயரில் `.pub` இல்லாமல் இருப்பது உங்கள் வீட்டுச் சாவி மாதிரி. நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இது ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்.

இனி எனக்கு மனசுக்கு நெருக்கமான ஒரு விஷயம். நான் முதன்முதலில் வீட்டிலிருந்து வேலை பார்த்த இடத்தில், சேர்ந்த முதல் மூன்று நாள் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடவுச்சொல் ஒன்று வேலை செய்யவில்லை. யாரைக் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், "வேலை இருக்கு" என்று பொய் சொன்னேன். அலுவலகம் என்றால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். நம் வேலையில் முகம் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் அதற்கு மேல் தனியாகப் போராட வேண்டாம். `#kelvi` என்ற சேனல் அதற்காகவே இருக்கிறது. எனக்குத் தனியாக அனுப்பினாலும் பதில் சொல்வேன், ஆனால் அங்கே கேட்டால் முதலில் பார்ப்பவர் சொல்லிவிடுவார், அடுத்து வருபவருக்கும் அந்தப் பதில் அங்கேயே கிடைக்கும். கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள், போன வாரம் அண்ணாச்சியே அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். எங்களுக்குள் தமிழில்தான் எழுதுகிறோம், தமிழ் எழுத்திலோ இங்கிலீஷ் எழுத்திலோ, கைக்கு எது வருகிறதோ அது. "இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும்" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. கண்டுபிடித்த தப்பைப் பதியும் டிக்கெட் மட்டும்தான் இங்கிலீஷில் எழுத வேண்டும். என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று சின்ன வாக்கியம் போதும். முதல் சில டிக்கெட்டை ஜெனிபரோடு சேர்ந்து எழுதுங்கள்.

கரண்டும் நெட்டும் நம் ஊரில் போகத்தான் செய்யும். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாள் முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும், பார்த்தால் சேனலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அன்று காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று வேலையை மாற்றிக்கொள்ளலாம், லீவு போட வேண்டியதில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லை எனக்கு அனுப்பினால் பணம் வந்துவிடும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று எல்லாம் போய்விட்டால் "நெட் இல்லை" என்று ஒரு எஸ்.எம்.எஸ். போதும், விளக்கம் வேண்டாம்.

இன்னொரு போன் எண்ணும் கேட்கிறேன். வெளியூரில் இருக்கும் சித்தியுடையதோ, மாமாவுடையதோ. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டியது உங்களுக்கும் மறந்திருக்காது. அப்போது எங்கள் டீமில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தம்பி இருந்தான். இரண்டு நாள் அவனிடமிருந்து தகவலே இல்லை. டவர் எல்லாம் போய்விட்டது, எங்களிடம் இருந்ததோ அவனுடைய ஒரே எண். வீட்டில் யாரைக் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் இருந்து மீண்டு வந்து, கோவையில் இருக்கும் அவன் அக்கா மூலம் சொல்லி அனுப்பினான். அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. அதிலிருந்து எல்லோரிடமும் வெளியூர் எண் ஒன்று வாங்கி வைக்கிறோம். வேலைக்காக அந்த எண்ணுக்கு யாரும் கூப்பிட மாட்டோம்.

வேலை நேரம் 10 முதல் 6.30. மதியம் 1 முதல் 2 வரை சாப்பாடு, அந்த நேரம் யார் எழுதினாலும் பதில் சொல்ல வேண்டாம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை நமக்கும் உண்டு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டில் கூடுவோம். வேலைப் பேச்சு கொஞ்சம்தான். அம்மா சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைப்பாள். செங்கோட்டை ரயிலில் ஏறினால் நேராகத் திருநெல்வேலி ஜங்ஷன், அங்கிருந்து ஜெனிபர் வண்டியில் கூட்டி வந்துவிடுவாள். புது ஆள் கல்லிடைக்குறிச்சி என்று சொன்னதிலிருந்து, "அப்போ அப்பளத்துக்குக் கவலையில்ல" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை 4 மணிக்கு நாம் இரண்டு பேரும் மட்டும் பேசுவோம். இந்த வாரம் எப்படிப் போனது, எங்கே தனியாக விட்டுவிட்டோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும், நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்கான இணைப்பை 10.20க்கு அனுப்புகிறேன். இதைப் படித்ததும் "வந்துட்டேன் அக்கா" என்று ஒரு வரி போடுங்கள். அதற்குள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

செண்பகம்