பதினேழு ஹாய்க்கு சித்தியோட ஒரே பதில்

ஏல, பாத்துட்டேன். பதினேழு ஹாய், ரெண்டு "சித்தி", ஒரு கேள்விக்குறி, அதுக்கப்புறம் கை ஆட்டுத பொம்மை ஒண்ணு. பத்து அம்பத்தெட்டுல ஆரம்பிச்சு பதினொண்ணு நாலு வரைக்கும். நீ அனுப்புனதுல விஷயம்னு ஒண்ணு எங்கயாவது இருக்கானு மேலயும் கீழயும் தேடிப் பாத்தேன், இல்ல. வெறும் ஹாய்தான்.

நான் எங்க இருந்தேன்னு சொல்லுதேன் கேளு. லேப்டாப் முன்னாடி உக்காந்து உங்கம்மாவுக்கு நாளைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல தட்கல் போட்டுட்டு இருந்தேன். ஆமா, உங்கம்மாவுக்குத்தான். திங்கக்கிழமை உன் பொண்டாட்டி ஆபீஸ் போகணும், பிள்ளையப் பாத்துக்க ஆளில்லனு நேத்து ராத்திரி பத்து மணிக்கு நீதானல அழுத. ஸ்லீப்பருக்கு தட்கல் பதினொரு மணிக்குத் தொறக்கும், ஏசினா பத்து. அதனால காலைலயே பேரு வயசெல்லாம் சேத்து வச்சு, அடுப்ப அணச்சு, உங்க சித்தப்பாவ நெட்ல எதுவும் பாக்காதீங்கன்னு சொல்லி, பத்தே முக்கால்ல இருந்து மூச்சு விடாம உக்காந்திருக்கேன்.

முன்ன மாதிரி கிடையாதுல இப்ப. 2025 ஜூலைல இருந்து ஆதார் சேத்த அக்கவுன்ட்டுலதான் தட்கல் போட முடியும், நடுவுல போனுக்கு ஓடிபி வேற வரும், அத அடிச்சாதான் அடுத்த பக்கம். ஏஜென்ட்டுகளக் கூட மொத அரை மணி நேரம் விடமாட்டாங்க. அதனால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இப்ப கொஞ்சம் சான்ஸ் இருக்குனு நானும் நம்பித்தான் உக்காந்தேன்.

பதினொண்ணு அடிச்சுது. உள்ள போயிட்டேன். லோயர் பெர்த் கேட்டு டிக் பண்ணிட்டேன், ஓடிபி வரணும். போன எடுத்தா மேல இருந்து ஹாய். தள்ளி விட்டா அடுத்த ஹாய். அதையும் தள்ளுனா "சித்தி". டிங் டிங்னு கோயில் மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கு, ஓடிபி எந்த ஹாய்க்கு அடியில கெடக்குதுனே தெரியல. கண்ணாடி வேற போடல. அவசரத்துல உன் ஹாய் மேல கை பட்டு வாட்ஸ்அப் தொறந்துட்டு, உனக்கு ப்ளூ டிக் போயிட்டு, பாத்துட்டும் பதில் சொல்லலனு நெனச்சு நீ இன்னும் அஞ்சு ஹாய் போட்டுட்ட. நான் ஓடிபியக் கண்டுபிடிச்சு அடிக்கதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு. மறுபடி மொதல்ல இருந்து. ரெண்டாவது தடவ உள்ள போகும்போது கன்பார்ம் எல்லாம் காலி.

இப்ப கையில இருக்கது TQWL 9, அதாவது தட்கல் வெயிட்டிங் லிஸ்ட். இதுல ஆர்ஏசி எல்லாம் கிடையாது, யாராவது கேன்சல் பண்ணுனாத்தான் உண்டு. சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்லயே நின்னா டிக்கெட் தானா கேன்சலாயி பணம் திரும்பி வந்துரும், அதப் பத்திக் கவலப்படாத. ஞாயித்துக்கிழமை காலைல வந்தே பாரத்ல சீட் இருக்கானு சாயங்காலம் பாக்கேன், அதுவும் தாம்பரத்துல நிக்கும். இல்லாட்டி புது பஸ் ஸ்டாண்ட்ல பஸ் ஏத்தி விட்டுருவோம், ஆனா உங்கம்மாவுக்கு ராத்திரி பூரா காலத் தொங்கப் போட்டா வீங்கிரும்னு உனக்கே தெரியும்.

சரி, எதுக்குல அத்தன ஹாய்? "டிக்கெட் போட்டாச்சா சித்தி"ன்னு கேக்கத்தான? அத அப்பிடியே ஒரு வரியா மொதல்லயே போட்டுருந்தா நோட்டிபிகேஷன்லயே படிச்சுட்டு என் வேலையப் பாத்திருப்பேன்லா. ஹாய் போட்டா நான் என்னனு நெனைக்க? அதுவும் பதினேழுன்னா பிள்ளைக்குத்தான் ஏதோ ஆயிட்டுனு ஒரு நிமிஷம் நெஞ்சே பதறிட்டு. அப்பிடி நெசமாவே அவசரம்னா போன் பண்ணுல, எடுப்பேன். நீ வீட்டு வாசல்ல நின்னு சித்தி சித்தினு கத்துன காலம் வேற, அப்ப பந்து ஓட்டு மேல கெடக்குனு உடனே சொல்லிருவ.

கோவம்லாம் இல்ல, கொஞ்சம் இருந்துச்சு, டைப் பண்ணுனதுல போயிட்டு. உங்கம்மாட்ட இந்த ஹாய் கதையச் சொல்லல, சொன்னா ரயில் இல்லாமலே நடந்து வந்து உன்ன அடிப்பா.

அவ அல்வா வாங்கணுமானு கேக்கச் சொன்னா. அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு மட்டும் சொல்லு. முன்னாடி ஹாய் போடாத.