கூட்டம் தேதி மாற்றம்: கலிபோர்னியாவில் மார்ச் 9 திங்கள் மாலை 6:30 = இந்தியாவில் மார்ச் 10 செவ்வாய் காலை 7:00

வணக்கம் மாலதி,

இந்த வாரம் நாம் பேசுவதாக இருந்த கூட்டத்தை (உங்களுக்கு மார்ச் 5 வியாழன் மாலை 6:30, எனக்கு மார்ச் 6 வெள்ளி காலை 8:00) அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. பழைய கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் சோதனை ஓட்டம் இந்தியாவில் வெள்ளி இரவு 10:00 மணிக்குத்தான் தொடங்குகிறது. சனி விடிகாலையில் முடியும். அதற்கு முன்னால் கூடினால் பேசுவதற்குக் கையில் ஒரு எண்ணும் இருக்காது. வேலை முடிந்து வரும் உங்களை வெறும் ஊகங்களுக்காக உட்கார வைக்க எனக்கு மனமில்லை. மூன்று நாள் முன்னதாக மட்டுமே சொல்வதற்கு மன்னிக்கவும். ஓட்டத்தின் நேரம் இன்று காலைதான் உறுதியானது.

நான் முன்வைக்கும் நேரம் இது. கூட்டம் 45 நிமிடம்.

தேர்வு அ
கலிபோர்னியா: 2026 மார்ச் 9, திங்கள், மாலை 6:30 முதல் 7:15 வரை
இந்தியா: 2026 மார்ச் 10, செவ்வாய், காலை 7:00 முதல் 7:45 வரை
சிங்கப்பூர் (ஹரி): 2026 மார்ச் 10, செவ்வாய், காலை 9:30 முதல் 10:15 வரை

அது ஒத்துவராவிட்டால், சரியாக 24 மணி நேரம் கழித்து:

தேர்வு ஆ
கலிபோர்னியா: 2026 மார்ச் 10, செவ்வாய், மாலை 6:30 முதல் 7:15 வரை
இந்தியா: 2026 மார்ச் 11, புதன், காலை 7:00 முதல் 7:45 வரை
சிங்கப்பூர் (ஹரி): 2026 மார்ச் 11, புதன், காலை 9:30 முதல் 10:15 வரை

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். "10ஆம் தேதி" இரண்டிலும் வருகிறது. "செவ்வாய்" என்பதும் அப்படித்தான். முதலாவதில் அது என்னுடைய செவ்வாய், இரண்டாவதில் உங்களுடையது. "செவ்வாய் சரி" என்று நீங்கள் பதில் போட்டால், நான் ஒரு நாளிலும் நீங்கள் ஒரு நாளிலும் தனித்தனியாகக் காத்திருப்போம். அதனால் பதிலில் தேதியோ கிழமையோ வேண்டாம், "அ" அல்லது "ஆ" என்ற ஒரே எழுத்து போதும். இரண்டுமே முடியாதென்றால், உங்களுக்கு வசதியான நேரத்தை உங்கள் ஊர்த் தேதி, கிழமையோடு எழுதுங்கள். இந்திய நேரத்துக்கு மாற்றுவது என் பொறுப்பு. இரண்டு பேரும் மாற்றினால் இரண்டு முறை மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஜனவரியில் நடந்ததை நான் மறக்கவில்லை. "வெள்ளி இரவு 12:30" என்று எழுதினேன். நம் பேச்சுவழக்கில் வெள்ளிக்கிழமை முழுதும் கழிந்து வரும் இரவுதான் வெள்ளி இரவு. விடியும்வரை நமக்கு நாள் மாறுவதில்லை. கடிகாரத்துக்கோ 12 அடித்ததும் சனி. நீங்கள் அதை வெள்ளி பிறந்ததும் வரும் 12:30 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை, என் வரிதான் பிழை. வியாழன் காலை 11:00 மணிக்கு, வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டு, தனியாக இணைப்பில் காத்திருந்தீர்கள். நான் வந்தது மறுநாள். அன்றிலிருந்து நள்ளிரவை ஒட்டிய நேரம் எதையும் கூட்டத்துக்கு எடுப்பதில்லை. தேதியை 9/3 என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். உங்கள் அலுவலகத்தில் அதை செப்டம்பர் 3 என்று படிப்பார்கள்.

வழக்கமான காலை 8:00 ஏன் 7:00 ஆனது என்று கேட்பீர்கள். மார்ச் 8 ஞாயிறு அதிகாலை 2:00 மணிக்கு உங்கள் ஊர்க் கடிகாரம் 3:00க்குத் தாவுகிறது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படி எதுவும் கிடையாது. இதுவரை நமக்கிடையே இருந்த 13:30 மணி நேர இடைவெளி அன்றிலிருந்து 12:30 ஆகிவிடும். நான் 8:00 மணியிலேயே நின்றிருந்தால் உங்களுக்கு அது மாலை 7:30. பையனை நீச்சல் பயிற்சியிலிருந்து அழைத்துவர நீங்கள் கிளம்பும் நேரம் அதுதானே. உங்கள் 6:30ஐ அசைக்காமல் வைத்துக்கொண்டு நான் ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதுதான் நியாயம். ஹரியிடம் கேட்டுவிட்டேன், அவருக்கு இரண்டு நாளும் சரி.

காலண்டர் அழைப்பில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். பழைய தொடர் அழைப்பு இந்திய நேரத்தில் கட்டப்பட்டிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால், யாரும் எதையும் தொடாமலே மார்ச் 20 வெள்ளிக் கூட்டம் (உங்களுக்கு மார்ச் 19 வியாழன்) உங்கள் பக்கம் 7:30க்கு நகர்ந்திருக்கும். இப்போது தொடரை `America/Los_Angeles` நேர மண்டலத்தில் புதிதாக உருவாக்கியிருக்கிறேன். இனிமேல் உங்களுக்கு எப்போதும் மாலை 6:30தான். என் பக்கம் மட்டும் 7:00 ஆகவும், நவம்பர் 1ஆம் தேதி உங்கள் கடிகாரம் பின்னுக்குப் போன பிறகு மறுபடி 8:00 ஆகவும் மாறும்.

தேர்வு அ-வுக்கான அழைப்பு உங்கள் பெட்டியில் "தற்காலிகம்" என்ற சொல்லோடு வந்திருக்கும். அதைத் திறந்து, உங்கள் திரையில் திங்கள் மாலை 6:30 என்று தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். போன மாதப் பயணத்துக்குப் பிறகு உங்கள் காலண்டர் இன்னும் வேறு ஊர் நேரத்தில் இருக்கலாம். வேறு ஏதாவது தெரிந்தால் அழைப்பை நம்பாதீர்கள். உலகப் பொது நேரத்தில் சரிபார்க்க இது உதவும்:

```
2026-03-10T01:30Z
```

பழைய அழைப்பை நான் ரத்து செய்துவிட்டேன். ரத்து அறிவிப்பு வரவில்லையென்றால் மார்ச் 5 மாலை உங்கள் காலண்டரில் அது இன்னும் நிற்கும். நீங்களே நீக்கிவிடுங்கள்.

உங்கள் நேரப்படி மார்ச் 4 புதன் மாலை 6:00 மணிக்குள் (எனக்கு மார்ச் 5 வியாழன் காலை 7:30) அந்த ஓர் எழுத்து வந்துவிட்டால், "தற்காலிகம்" என்பதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் உறுதி அனுப்புவேன். வராவிட்டால் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அன்றே உங்கள் மாலை 6:30 மணிக்கு மேல் கைபேசியில் கூப்பிடுகிறேன்.

சோதனை முடிவுகளின் தாளை, இந்தியாவில் மார்ச் 9 திங்கள் மதியம் 12:00 மணிக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு அது ஞாயிறு இரவு 11:30. அதற்காக விழித்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத் தூக்கம் குறைந்த நாள் அது. திங்கள் காலை நீங்கள் அஞ்சலைத் திறக்கும்போது தாள் காத்திருக்கும், மாலை கூட்டத்துக்கு முன் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். முதல் பக்கத்தில் பொருந்தாத பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், நாம் முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

அன்புடன்,
செந்தில்
2026 மார்ச் 3, செவ்வாய், காலை 9:40 (இந்திய நேரம்)