திருமண மேடை அலங்காரம்: ஒப்பந்தக்காரருக்கான வேலைக் குறிப்பு

வணக்கம். நேரில் பேசியவற்றை அளவுகளோடு எழுதித் தருகிறோம். கொட்டேஷனை இதன்படியே போடுங்கள். ஒத்துவராத இடம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். முந்தைய நாள் இரவில் பேசித் தீர்க்க நேரம் இருக்காது.

மண்டபம்

கூடம் 60 அடி நீளம், 40 அடி அகலம். கூரை 11 அடிதான். விருந்தினர் 220 பேர். மேடை 20 அடி அகலம், 12 அடி ஆழம், 2.5 அடி உயரம். அதாவது மேடைத் தளத்திலிருந்து கூரை வரை 8.5 அடி மட்டுமே. நீங்கள் காட்டிய மாதிரிப் படங்கள் பலவும் 12 அடி உயரப் பேக்டிராப்புகள். அவற்றைச் சுருக்கி இங்கே வைத்தால் மேல்பகுதி வெட்டுண்டது போலத் தெரியும். எனவே இந்த அளவுக்கென்றே புதிதாக வரைந்து அனுப்புங்கள்.

மேடையின் நடுவே மின்விசிறி ஒன்று உண்டு. இறக்கை மேடைத் தளத்திலிருந்து 7.5 அடியில் சுழல்கிறது. அதைக் கழற்ற அனுமதி இல்லை. நிறுத்தி வைத்தால் மணமக்கள் வியர்த்துப் போவார்கள். ஆகவே கூரையில் துணிப்பந்தல், தொங்கும் பூச்சரம், சரவிளக்கு எதுவும் வேண்டாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டேப்பும் ஒட்டக் கூடாது. பெயின்ட் உரிந்தால் மண்டபத்தார் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கருவும் நிறமும்

கரு எளிமையானது: இலைப்பச்சை நிறைந்த தோட்டம். தந்த வெள்ளைத் துணி, பச்சை இலை, இடையிடையே மங்கிய மஞ்சள். இந்த மூன்றுக்கு மேல் நான்காவது நிறம் வேண்டாம். மணமகளின் உடை அடர் அரக்கு, மணமகனுடையது தந்த நிறம். சிவப்பு, மெரூன் பேக்டிராப் போட்டால் மணமகளின் உடை பின்னணியில் கரைந்துவிடும். மணமகன் தந்தத் துணியில் கரையாமலிருக்க, இருக்கைக்கு நேர்பின்னால் 6 அடி அகலத்துக்கு இலையே அடர்த்தியாக வர வேண்டும். இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

கூடத்தின் சுவர் கிரீம், தரை செம்பழுப்பு. இரண்டும் நம் நிறங்களோடு சேரும் என்பதால் சுவரை மறைக்கும் செலவு தேவையில்லை. நாற்காலிகள் வெள்ளை, உறை வேண்டாம். விருந்தினர் உட்கார்ந்த பிறகு உறை கண்ணில் படாது. அந்தப் பணம் மேடைக்கு வரட்டும்.

மேடை

பேக்டிராப் 16 அடி அகலம், 8 அடி உயரம், தானாக நிற்கும் ஃபிரேம். ஒவ்வொரு காலிலும் 15 கிலோ மணல்மூட்டை வைத்துத் துணியால் மூடுங்கள். துணி பளபளக்காததாக இருக்கட்டும். சாட்டின் ஃபிளாஷ் பட்டதும் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். மடிப்புக்கு இரட்டை அகலம் கணக்கு: 16 அடிக்கு 32 அடி. 44 அங்குலத் துணியென்றால் 9 பாகங்கள். ஒன்றரை மடங்கோடு நிறுத்தினால் பின்னால் உள்ள குழாய் தெரியும். மடிப்பு மேலிருந்து கீழாக நேராக விழட்டும். தாழ்ந்த கூரையை உயர்த்திக் காட்டுவது அதுதான். குறுக்காக வளைத்துக் கட்டும் துணி இங்கே கூரையை இன்னும் தாழ்த்தும். துணியைத் தேய்த்தே கொண்டு வாருங்கள்.

ஆழத்தை இப்படிப் பிரியுங்கள்: பேக்டிராப்புக்கு 1 அடி, பின்னால் இடைவெளி 3 அடி, இருக்கைக்கு 2.5 அடி, முன்னால் 5.5 அடி. அந்த 3 அடியைக் குறைத்தால் மணமக்களின் நிழல் துணியில் விழும். முன்னால் உள்ள 5.5 அடி, வாழ்த்த வருவோர் நின்று படம் எடுக்கும் இடம். அங்கே தொட்டியோ தூணோ வைக்கக் கூடாது. இடப்பக்கப் படியில் ஏறி வலப்பக்கம் இறங்குவார்கள். இரு படிகளிலும் 4 அடி வழி திறந்திருக்க வேண்டும். முதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். படி விளிம்பில் வழுக்கும் துணி வேண்டாம்.

இருக்கை, கை வைத்த சோபா, இருவர் அமர்வது. உட்காருமிடம் தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தாழ்ந்த சோபாவில் கனத்த உடையோடு உட்கார்ந்தவர் ஒவ்வொரு முறையும் எழத் தடுமாறுவார்.

பூ

அசல் பூ கண் மட்டத்துக்குக் கீழே மட்டும்: சோபாவின் இருபுறமும் ஒவ்வொரு கொத்து, படியருகே இரண்டு, வாயிலில் இரண்டு, ஆக ஆறு. ஏழடிக்கு மேலே நல்ல செயற்கை இலை போதும். அவ்வளவு உயரத்தில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அசலும் செயற்கையும் ஒரே கொத்தில் கலக்காதீர்கள், அருகருகே வைத்தால் செயற்கை உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளை, மஞ்சள் சாமந்தியும் தந்த நிற ரோஜாவும் போதும். ஏசி இல்லாத கூடம். ஹைட்ரேஞ்சியா மதியத்துக்குள் வாடிவிடும். லில்லி சேர்த்தால் மகரந்தப்பைகளைக் கிள்ளிவிடுங்கள், உடையில் பட்டால் கறை போகாது. பூ ஸ்பாஞ்சை நீரில் அமுக்காமல் தானே மூழ்க விடச் சொல்லுங்கள். அமுக்கினால் நடுவில் காற்று தங்கும். அங்கே குத்திய தண்டுக்கு நீர் கிடைக்காது.

விளக்கு

எல்லாம் 3000 கெல்வின் வார்ம் ஒயிட். மேடைமேல் உள்ள குளிர்வெள்ளை டியூப் லைட்டுகளை அணைத்துவிடுவோம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், கேமராவில் சரிசெய்ய முடியாது. ஊதா, நீலப் பார் லைட் மணமக்கள் முகத்தில் படவே கூடாது. 50 வாட் எல்இடி ஆறு போதும்: முன்னால் இருபுறமும் இரண்டிரண்டு, தலைக்கு மேலாகச் சாய்வாக, துணிக்குக் கீழிருந்து இரண்டு. மேடைக்கு இருப்பது 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்றே, 230 வோல்ட்டில் 3450 வாட். வீடியோக்காரரும் அதில்தான் செருகுவார். ஹாலஜன் கொண்டுவந்தால் பிரேக்கர் விழும்.

பணம்

நேரில் சொன்ன தொகையே உச்சவரம்பு. வண்டி, ஆள்கூலி, ஏணி, பிரிப்பு, வரி எல்லாம் அதற்குள். அதை 100 பங்காக வைத்தால் மேடையும் பூவும் 52, விளக்கு 13, வாயில் 12, நடைபாதை 8, கூலியும் வண்டியும் 10, அவசரத்துக்கு 5. அந்த 5 பங்கை எங்களைக் கேட்டே தொட வேண்டும். தொகை மீறினால் முதலில் நடைபாதைத் தொட்டிகளை எடுங்கள், பிறகு வாயில் வளைவை வெறும் இரண்டு கொத்தாக்குங்கள். துணி மடிப்பிலும் விளக்கிலும் கை வைக்காதீர்கள். படத்தில் நிற்பவை அவை. பூவோ துணியோ மாறினால் முதலில் புகைப்படம் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். முன்பணம் 30 சதவீதம், பொருள் மண்டபம் வந்ததும் 50, பிரித்து ஒப்படைத்ததும் 20.

நேரம்

முந்தைய நாள் மதியம் 2 மணிக்குச் சாவி கிடைக்கும். மாலை 6-க்குள் ஃபிரேம், 8-க்குள் துணியும் விளக்கும். 8 மணிக்கு விளக்கைப் போட்டு, இருவரைச் சோபாவில் உட்காரவைத்துப் படம் எடுத்துப் பார்ப்போம். நிழல் விழுந்தால் அப்போதே நகர்த்தலாம். அசல் பூ காலை 4:30-க்குத் தொடங்கி 7-க்குள் முடிய வேண்டும், 7:30-க்குப் படப்பிடிப்பு. அன்று முழுவதும் உங்கள் ஆள் ஒருவர் இருக்கட்டும், தண்ணீர் தெளிக்கவும் சாய்ந்ததை நிமிர்த்தவும். மாலை 5-க்குள் பிரித்துக் குப்பையும் அள்ளிவிட வேண்டும்.

கொட்டேஷனோடு அளவிட்ட மேடை வரைபடம், துணித்துண்டு, உங்களிடம் உள்ள சோபாவின் அசல் புகைப்படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்த மறுநாளே பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
மணமக்கள் வீட்டார்