கணக்குப் புத்தகப் படத்துக்குத் தாத்தாவின் பதில்

கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். அது நம் கடையின் பழைய பற்று வரவுப் புத்தகம், என் அப்பா கையெழுத்து. ஊரில் திண்ணைப் பள்ளியில் படித்தவர், அதனால்தான் உனக்குப் புரியாத குறிகள்.

மேலே 'ப.பெ.' என்றிருப்பது ஆள் பெயர் இல்லை, பத்தாங் பெர்ஜுந்தை. அந்த ஊர் 2007-இல்தானே பெஸ்தாரி ஜெயா ஆனது. பக்கத்தில் '78௵ மார்ச்௴ 9௳' என்றால் 1978 மார்ச் 9. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். '6ல. கோடி' என்பது தோட்டத்து ஆறாம் லயத்துக் கோடி வீடு. அப்பா ஆள் பெயரை எழுதமாட்டார். புத்தகம் மேசைமேல் கிடக்கும், வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்பார்.

இனி அந்த வீட்டுக் கணக்கைப் பார்:

மு.பா. 38.20
௶ பு.அ. 10 க. 5.50
௸ ௶ கரு. வ க. 0.60
௷ ரொ. 15.00
நி. 29.30

மு.பா. முன்பாக்கி. ௶ பற்று, அதாவது கடனாக எடுத்தது. ௷ வரவு. ௸ மேற்படி, அதே ஆள். பு.அ. புழுங்கல் அரிசி, ப.அ. என்று வந்தால் பச்சரிசி, மாற்றிப் படித்துவிடாதே. 'க.' கட்டி, கிலோ இல்லை. ஒரு கட்டி 605 கிராம் போல வரும். கருவாட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் 'வ' எழுத்துப் பிழை என்று கேட்டிருந்தாய். அது கால், பழைய தமிழ்க் கணக்கில் ¼ அப்படித்தான் எழுதுவார்கள். கால் கட்டிக் கருவாடு, அறுபது காசு. ரொ. ரொக்கம், நி. நிலுவை. கூட்டிக் கழித்துப் பார், சரியாக இருக்கும்.

சம்பளம் போட்ட வாரத்தில் அந்த வீட்டுக்காரர் ஏன் பதினைந்து வெள்ளி மட்டும் கட்டினார் என்று கேட்டாயே, மாதத்தைப் பார். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். பால் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். அந்த மாதங்களில் அப்பா யாரையும் நெருக்கமாட்டார். ஆனால் சாராயக் கடைக்குப் போகிறவனிடம் மட்டும், அரிசியை நிறுத்தாமல், கொஞ்சம் கறாராக இருப்பார்.

ஓரத்தில் சிவப்பு மையில் 'த.' போட்டிருந்தால் தள்ளுபடி. 'போ.' என்றால் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டும் இல்லாமல் நிலுவை நிற்கும் வீடுகள் நாலைந்து இருக்கும். அவர்கள் பிள்ளைகள் இன்றும் நம் கடைக்கு வருகிறார்கள். யாரிடமும் இதை எடுத்துப் பேசாதே. அந்தக் கணக்கு அப்பாவோடு போயிற்று. நீ உன் கணக்கை கிலோவிலும் போனிலும் எழுதிக்கொள்.

அப்புறம், இரண்டாம் படத்தில் உன் கட்டைவிரல் பாதிப் பக்கத்தை மறைக்கிறது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பு. அது கிராணி வீட்டுக் கணக்கு, அதில் குறிகள் இன்னும் அதிகம்.

தாத்தா, கிள்ளான்